விளக்கை அணைத்ததும் பிஜிஏ ஏன் ஏறுகிறது? 4 மதிப்பெண்ணில் 1தான் கிடைத்தது

துளிர்

மாதிரித் தேர்வில் வந்த அமைப்பு வினா. ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருக்கும் பாசி ஒரு குடுவையில் இருக்கிறது. ஒளியும் கார்பன் டை ஆக்சைடும் சீராகக் கிடைக்கின்றன. சில நொடிகளுக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, இரண்டு சேர்மங்களின் அளவை வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். முதலில் இரண்டு கோடுகளும் படுக்கையாகப் போகின்றன. விளக்கை அணைத்த கணத்திலிருந்து ஒன்று மேலே ஏறுகிறது, மற்றது கீழே சரிகிறது. சிறிது நேரத்தில் இரண்டும் மறுபடி படுத்துவிடுகின்றன.

(அ) ஏறும் கோடு எது, இறங்கும் கோடு எது? 2 மதிப்பெண்.
(ஆ) இந்த மாற்றங்களை விளக்குக. 4 மதிப்பெண்.
(இ) விளக்கை அணைக்காமல், கார்பன் டை ஆக்சைடை 1 சதவீதத்திலிருந்து 0.003 சதவீதமாகக் குறைத்தால் கோடுகள் எப்படி மாறும்? ஏன்? 3 மதிப்பெண்.
(ஈ) ஒளி இருக்கும்போதே டையூரான் என்ற களைக்கொல்லியைச் சேர்த்தால் என்ன ஆகும்? 3 மதிப்பெண்.

(அ) சரி: ஏறுவது பாஸ்போகிளிசரிக் அமிலம், அதாவது பிஜிஏ. இறங்குவது ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட், ஆர்யுபிபி. (ஆ)வுக்கு நான் எழுதியது: "ஒளி இல்லாததால் ஒளிவினை நின்றது. ஏடிபி, என்ஏடிபிஹெச் கிடைக்கவில்லை. அதனால் கால்வின் சுழற்சி நின்றது. ஆகவே பிஜிஏ அதிகரித்து ஆர்யுபிபி குறைந்தது." கிடைத்தது 1. ஓரத்தில் சிவப்பு மையில் "எந்தப் படி?" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதியதில் என்ன தப்பு?

பச்சைப்புள்ளி

கால்வின் சுழற்சி நின்றது என்று எழுதியதுதான் தப்பு. அது இருள்வினை, ஒளியே தேவையில்லை, இருட்டிலும் ஓடும். அதனால்தான் பிஜிஏ தொடர்ந்து உருவாகி ஏறுகிறது. இதை எழுதியிருந்தால் முழு மதிப்பெண்ணும் வந்திருக்கும்.

துளிர்

இருட்டிலும் ஓடும் என்றால் ஆர்யுபிபி ஏன் குறைய வேண்டும்? சுழற்சி என்றால் அது திரும்ப உருவாக வேண்டுமே.

இரவுப்பறவை

இதில் குழம்ப ஒன்றும் இல்லையே. இரவில் செடி சுவாசிக்கும், கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். அது அதிகமானால் பிஜிஏவும் அதிகமாகும். இலைத்துளை மூடிவிடுவதால் வாயு உள்ளேயே தங்கும் என்பதையும் சேர்த்து எழுதலாம்.

வரைபடத்தாள்

இரவுப்பறவை, கிடை அச்சைப் பாருங்கள். அது நொடிகளில் இருக்கிறது. கேள்வி ஓர் இரவைப் பற்றியது அல்ல, விளக்கு அணைந்த பின் வரும் ஒன்றிரண்டு நிமிடத்தைப் பற்றியது. தவிர, இது பாசி. இலைத்துளை என்ற பேச்சே இல்லை. கார்பன் டை ஆக்சைடு சீராகக் கிடைக்கிறது என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டார்கள், ஆகவே அது காரணமாக முடியாது.

துளிர், நான் சில ஆண்டுகள் இந்த வகை விடைத்தாள்களைத் திருத்தியவன். உங்கள் விடையில் பொய்யான வாக்கியம் என்று பார்த்தால் ஒன்றுதான்: "சுழற்சி நின்றது". முழுச் சுழற்சியும் ஒரே கணத்தில் நின்றிருந்தால் இரண்டு கோடுகளும் அப்படியே படுக்கையாகப் போயிருக்கும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் காரணமே சுழற்சியின் ஒரு பகுதி நின்று, மற்றொரு பகுதி ஓடிக்கொண்டிருப்பதுதான். "எந்தப் படி?" என்று கேட்டவர் அதைத்தான் கேட்கிறார்.

இரண்டு குழாய் உள்ள தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீர் வருகிறது, மற்றொன்றில் போகிறது. மட்டம் ஏறினால் இரண்டு வாய்ப்புதான்: வரத்து கூடியிருக்க வேண்டும், அல்லது போக்கு அடைபட்டிருக்க வேண்டும். பிஜிஏவுக்கு வரத்து எது, போக்கு எது என்று முதலில் எழுதுங்கள். பிறகு ஆர்யுபிபிக்கும் அதையே செய்யுங்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு குழாய்க்கும் ஏடிபி வேண்டுமா, என்ஏடிபிஹெச் வேண்டுமா என்று பாருங்கள்.

துளிர்

முயற்சி செய்கிறேன். பிஜிஏவுக்கு வரத்து: ஆர்யுபிபியும் கார்பன் டை ஆக்சைடும் ரூபிஸ்கோ என்ற நொதியால் சேர்வது. இதற்கு ஏடிபி வேண்டாம், என்ஏடிபிஹெச்சும் வேண்டாம். போக்கு: ட்ரையோஸ் பாஸ்பேட்டாக மாறுவது. இதற்கு இரண்டும் வேண்டும்.

ஆர்யுபிபிக்கு வரத்து: ட்ரையோஸ் பாஸ்பேட்டிலிருந்து பல படிகள் தாண்டித் திரும்ப வருவது, கடைசிப் படியில் ஏடிபி வேண்டும். போக்கு: அதே ரூபிஸ்கோ படி.

அப்படியென்றால் ஒருவரின் போக்குதான் மற்றவரின் வரத்து. விளக்கு அணைந்தால் அந்தக் குழாய் மட்டும் திறந்திருக்கும், மற்ற இரண்டும் மூடிவிடும்!

வரைபடத்தாள்

அதேதான். இதை வாக்கியமாக்கினால் (ஆ)வின் 4 மதிப்பெண் விடை இப்படி வரும்:

"ஒளி நின்றதும் தைலகாய்டு சவ்வில் ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும் உருவாவது நிற்கிறது, மீதமிருந்தவை விரைவில் தீர்ந்துவிடுகின்றன. ஸ்ட்ரோமாவில் ஆர்யுபிபி கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து பிஜிஏ ஆகும் படிக்கு இவை தேவையில்லை, ஆகவே அது தொடர்கிறது. பிஜிஏ ட்ரையோஸ் பாஸ்பேட்டாக ஒடுக்கப்பட இரண்டும் தேவை; அவை இல்லாததால் பிஜிஏ தேங்கி ஏறுகிறது. ட்ரையோஸ் பாஸ்பேட்டும் ஏடிபியும் இல்லாததால் ஆர்யுபிபி மீண்டும் உருவாவதில்லை, ஆனால் செலவாகிறது, ஆகவே இறங்குகிறது."

நான்கு வாக்கியம், நான்கு புள்ளி. நீங்கள் எழுதியதில் முதல் வாக்கியத்துக்கு உரியது மட்டும் இருந்தது, அந்த 1 கிடைத்துவிட்டது. இடம் இருந்தால் ஐந்தாவதாக ஒன்று சேர்க்கலாம்: ஆர்யுபிபி தீர்ந்ததும் பிஜிஏ உருவாவதும் நிற்பதால் கோடு படுத்துவிடுகிறது. வரைபடத்தின் கடைசிப் பகுதியைக் கண்டுகொள்ளாமல் விடுபவர்களே அதிகம்.

பச்சைப்புள்ளி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ரூபிஸ்கோ படி இருட்டிலும் சிறிது நேரம் ஓடுகிறது. கால்வினும் பென்சனும் பாசியைக் கார்பன் டை ஆக்சைடு இல்லாமல் ஒளியில் வைத்து, பிறகு இருட்டில் கதிரியக்கக் கார்பன் கொண்ட வாயுவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாசி அதை எடுத்துக்கொண்டது. ஆனால் "இருட்டிலும் ஓடும்" என்று பொதுவாக எழுதினால் திருத்துபவர் தப்பென்றுதான் போடுவார். முன்பு சேர்ந்த சேமிப்பு தீரும் வரைதான் அந்த ஓட்டம்.

பச்சைப்புள்ளி

சரி, ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும் வெளியிலிருந்து கொடுத்தால்? அப்போது இருட்டிலும் முழுச் சுழற்சியும் ஓட வேண்டுமே. அப்படியானால் நான் சொன்னது சரிதானே?

வரைபடத்தாள்

தாளில் அப்படித்தான் தோன்றும். உண்மையான பசுங்கணிகத்தில் அவ்வளவு எளிதாக ஓடாது. சுழற்சியின் சில நொதிகளுக்கு ஒளியே சுவிட்ச் போல வேலை செய்கிறது. ஒளியில் ஃபெரிடாக்ஸினுக்கு வரும் எலக்ட்ரான்களில் கொஞ்சம் தையோரெடாக்ஸின் என்ற சிறு புரதத்துக்குப் போகிறது. அது ஃபிரக்டோஸ் பிஸ்பாஸ்படேஸ், செடோஹெப்டுலோஸ் பிஸ்பாஸ்படேஸ், பாஸ்போரிபுலோகைனேஸ் ஆகிய நொதிகளின் கந்தகப் பிணைப்பை உடைத்து வேலைக்கு எழுப்புகிறது. ஒளியில் ஸ்ட்ரோமாவின் pH 7 பக்கத்திலிருந்து 8 பக்கம் போகிறது, மக்னீசிய அயனியும் கூடுகிறது. இரண்டும் ரூபிஸ்கோவுக்குச் சாதகம். இருட்டில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

செடிக்கும் இது தேவைதான். இல்லாவிட்டால் இரவில் மாவுப்பொருளை உடைத்துக் கிடைக்கும் ஆற்றலை இந்தச் சுழற்சியே தின்றுவிடும். ஆனால் 4 மதிப்பெண் விடைக்குள் இதையெல்லாம் நுழைக்காதீர்கள் துளிர். கேள்வி நொடிக்கணக்கில் கேட்கிறது. தேங்குவதற்கு முதல் காரணம் ஏடிபி, என்ஏடிபிஹெச் தட்டுப்பாடு.

மீதிக்கணக்கு

எனக்கு எண் இல்லாமல் எதுவும் மண்டையில் ஏறாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்கள் கற்பனைதான், விகிதம் உண்மை.

அணைக்கும் கணத்தில் ஆர்யுபிபி 10, பிஜிஏ 20 என்று வைப்போம். ஓர் ஆர்யுபிபி ஒரு கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து இரண்டு பிஜிஏ தருகிறது. 10 ஆர்யுபிபியும் தீர்ந்தால் 20 பிஜிஏ புதிதாக வரும், மொத்தம் 40. ஏறும் கோடு, இறங்கும் கோட்டைப்போல இரண்டு மடங்கு உயரம் நகர வேண்டும்.

(இ)யில் அப்படியே தலைகீழாகும் என்று நினைத்தேன், கணக்கு ஒத்துவரவில்லை. ஒளி இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ இல்லை. 20 பிஜிஏவும் 20 ட்ரையோஸ் பாஸ்பேட்டாக மாறிவிடும். அது 60 கார்பன். ஆர்யுபிபிக்கு 5 கார்பன், ஆகவே அதிகபட்சம் 12 கூடும். பிஜிஏ 20 இறங்க, ஆர்யுபிபி 12 மட்டும் ஏறும். இது சரியா?

வரைபடத்தாள்

சரி. எதுவும் வெளியே போகவில்லை என்று வைத்துக்கொண்டால் 12 என்பது மேல்வரம்பு. நிஜத்தில் கொஞ்சம் ட்ரையோஸ் பாஸ்பேட் சர்க்கரைக்கும் மாவுப்பொருளுக்கும் போய்விடும், ஆகவே 12க்கும் குறைவாகவே வரும். முதல் கணக்கிலும் 40ஐ அப்படியே எதிர்பார்க்க வேண்டாம்: மீதமிருந்த ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும் தீரும்வரை கொஞ்சம் பிஜிஏ ஒடுக்கப்படும், பிஜிஏவுக்கு வேறு செலவுகளும் உண்டு.

மூன்று சுற்றின் கணக்கு தேவைப்பட்டால், இதில் G3P என்பது ட்ரையோஸ் பாஸ்பேட்:

```
3 CO2 + 9 ATP + 6 NADPH -> 1 G3P + 9 ADP + 8 Pi + 6 NADP+
```

9 ஏடிபியில் 6 ஏடிபி பிஜிஏ ஒடுக்கப்படும் படியில், 3 ஏடிபி ஆர்யுபிபியை மீட்கும் கடைசிப் படியில் போகிறது. 6 ட்ரையோஸ் பாஸ்பேட் உருவாகி, 5 திரும்பச் சுழற்சிக்குள் போய், 1 வெளியே வருகிறது. மாணவர்கள் பலர் இந்த 5ஐ மறந்துவிட்டு, கிடைத்த 6ம் சர்க்கரையாகிவிடும் என்று எழுதுவார்கள். அப்படி ஆகியிருந்தால் ஆர்யுபிபி எங்கிருந்து வரும்?

(இ)க்கு மூன்று புள்ளி போதும். கார்பன் டை ஆக்சைடு குறைந்ததால் ரூபிஸ்கோ படி மந்தமாகிறது, பிஜிஏ உருவாவது குறைகிறது. ஒளி இருப்பதால் இருக்கும் பிஜிஏ ஒடுக்கப்படுவது தொடர்கிறது, ஆகவே அது இறங்குகிறது. ஆர்யுபிபி மீட்கப்படுவது தொடர, செலவு குறைந்ததால் அது ஏறுகிறது. இதையும் கால்வின் குழுவினர் செய்தே பார்த்திருக்கிறார்கள், உங்கள் கேள்வியில் உள்ள 1, 0.003 என்ற எண்கள் அங்கிருந்து வந்தவை. மாதிரியை நேராகக் கொதிக்கும் ஆல்கஹாலில் விடுவார்கள், நொதிகள் அந்த நொடியிலேயே செத்துவிடும். அப்படி நிறுத்தாவிட்டால் நொடிக்கணக்கில் வரைபடம் போட முடியாது.

ஆய்வகத்து அக்கா

ஒளிவினைப் பக்கம் என் அனுபவம் ஒன்று. மாணவர்களுக்கு நீலச் சாயம் வைத்து ஹில் வினை காட்டுவோம். டிசிபிஐபி என்ற சாயம் எலக்ட்ரானை வாங்கினால் நிறமிழக்கும். என்ஏடிபி வாங்க வேண்டிய எலக்ட்ரானை இந்தச் சாயம் வழிமறித்து வாங்கிக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு இல்லாமலேயே ஒளிவினை நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஒருமுறை கறுப்புத்தாள் சுற்றி இருட்டில் வைத்த குழாயும் நிறமிழந்துவிட்டது. "இருட்டிலும் ஒளிவினை நடக்குமா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள், என்னிடம் உடனே பதில் இல்லை. இலையை அரைத்து வடிகட்டிய சாற்றை அப்படியே ஊற்றியிருந்தோம். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

வரைபடத்தாள்

நடந்திருக்கிறது அக்கா. இலைச்சாற்றில் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி நிறைய உண்டு. அது ஒளி இல்லாமலேயே டிசிபிஐபியை நிறமிழக்கச் செய்யும். பழச்சாற்றில் வைட்டமின் சி அளக்க இதே சாயத்தைத்தானே பயன்படுத்துகிறோம். சாற்றை மையவிலக்கியில் சுழற்றி, மேல்நீரைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கும் பச்சை வண்டலைக் குளிர்ந்த சர்க்கரைத் தாங்கல் கரைசலில் மறுபடி கலக்கிப் பாருங்கள். இருட்டுக் குழாய் நீலமாகவே நிற்கும். சாயத்தை ஊற்றிய உடனேயே நிறம் போனால் சந்தேகம் அஸ்கார்பிக் அமிலத்தின் மேல். நிமிடக்கணக்கில் மெல்ல வெளுத்தால் தாளில் எங்கோ இடுக்கு வழியாக ஒளி புகுந்திருக்கிறது.

ஆய்வகத்து அக்கா

உடனே போய்விட்டதுதான். அப்படியானால் சாறுதான். நன்றி, மையவிலக்கி எங்களிடம் இருக்கிறது, சோம்பலில் எடுக்காமல் விட்டோம்.

மீதிக்கணக்கு

ஒன்று இடிக்கிறது. சுழற்சிக்கு 6 என்ஏடிபிஹெச்சுக்கு 9 ஏடிபி, அதாவது 1.5 பங்கு. ஒளிவினை அதே விகிதத்தில் தருகிறதா? இரண்டு நீர் மூலக்கூறு பிளந்தால் 4 எலக்ட்ரான், 2 என்ஏடிபிஹெச். தைலகாய்டு உள்ளே சேரும் H⁺ மொத்தம் 12: நீரிலிருந்து 4, சைட்டோகுரோம் வழியாக 8. பழைய பாடக்குறிப்பில் ஓர் ஏடிபிக்கு 4 H⁺ என்று இருக்கிறது. 12ஐ 4ஆல் வகுத்தால் 3 ஏடிபி, சரியாக 1.5. புதிய குறிப்பில் "சுழல் எலக்ட்ரான் ஓட்டம் பற்றாக்குறையை ஈடுகட்டுகிறது" என்று இருக்கிறது. பற்றாக்குறையே இல்லையே?

வரைபடத்தாள்

4 என்ற எண் இப்போது நிற்பதில்லை. பசுங்கணிகத்தின் ஏடிபி சிந்தேஸில் சவ்வுக்குள் சுழலும் வளையத்தில் 14 துணையலகுகள். ஒரு முழுச் சுற்றுக்கு 14 H⁺ கடக்கிறது, 3 ஏடிபி கிடைக்கிறது. அதாவது ஓர் ஏடிபிக்கு ஏறத்தாழ 4.67. 12ஐ அதால் வகுத்தால் 2.57 ஏடிபிதான், 2 என்ஏடிபிஹெச்சுக்கு. விகிதம் 1.29. சுழற்சிக்கு வேண்டியது 1.5. அந்தப் பற்றாக்குறையைத்தான் சுழல் ஓட்டம் நிரப்புகிறது: ஒளி அமைப்பு 1இலிருந்து எலக்ட்ரான் திரும்ப சைட்டோகுரோமுக்கே வந்து, என்ஏடிபிஹெச் உருவாக்காமல் H⁺ஐ மட்டும் ஏற்றுகிறது.

பச்சைப்புள்ளி

சுழல் ஓட்டம் மட்டும்தானா? எலக்ட்ரான் ஆக்சிஜனுக்கே போய் மறுபடி நீராகும் வழியும் இருக்கிறது, அதிலும் H⁺ ஏறும். மைட்டோகாண்டிரியாவும் உதவுகிறது என்று படித்தேன். எது எவ்வளவு என்று யாரும் உறுதியாகச் சொல்வதாகத் தெரியவில்லை.

வரைபடத்தாள்

இதில் நீங்கள் சொல்வது சரி. எந்த வழியின் பங்கு எவ்வளவு என்பது செடியையும் சூழலையும் பொறுத்து மாறுகிறது, விவாதம் இன்னும் முடியவில்லை. தேர்வில் சுழல் ஓட்டத்தை எழுதுங்கள், அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

துளிர்

சரி, (ஈ) மட்டும் பாக்கி. டையூரான் ஒளி அமைப்பு 2இலிருந்து எலக்ட்ரானை வாங்கும் பிளாஸ்டோகுவினோனின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று தேடிப் படித்தேன். என் விடை:

"எலக்ட்ரான் ஓட்டம் ஒளி அமைப்பு 2லேயே தடைபடுகிறது. ஆகவே ஒளிவினை நிற்கும், ஆக்சிஜன் வெளிவராது, என்ஏடிபிஹெச் உருவாகாது. பிஜிஏ ஒடுக்கப்படாமல் ஏறும், ஆர்யுபிபி இறங்கும்."

விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்தது போன்ற வரைபடம் வருகிறது. நான் நினைப்பது சரியா?

இரவுப்பறவை

களைக்கொல்லி செடியைக் கொன்றுவிட்டால் எல்லாக் கோடும் பூஜ்யத்துக்குத்தானே வரும்?

வரைபடத்தாள்

செடி சாக நேரம் பிடிக்கும் இரவுப்பறவை, நாம் இன்னும் அதே நொடிகளில்தான் இருக்கிறோம். டையூரான் சேர்த்த உடனே பாசியின் சிவப்பு ஒளிர்வு கூடும்; எடுத்த ஆற்றலைத் தள்ளிவிட எலக்ட்ரானுக்கு வழியில்லாததால் பச்சையம் அதை ஒளியாகத் திருப்பி வீசுகிறது. தடை சரியாக விழுந்ததா என்று பார்க்க ஆய்வகத்தில் அதைத்தான் அளப்பார்கள்.

துளிர், இரண்டாவது வாக்கியத்தில் "ஒளிவினை நிற்கும்" என்பதை "நீர் பிளவு நிற்கும்" என்று மாற்றுங்கள். ஒளி அமைப்பு 1 இன்னும் ஒளி வாங்குகிறது, சுழல் ஓட்டத்தில் சிறிது ஏடிபி வரலாம். அது வந்தாலும் என்ஏடிபிஹெச் இல்லாமல் பிஜிஏ ஒடுங்காது என்று ஒரு வரி சேருங்கள். மற்றது சரி.